கோப்பிக்குப் பால் நுரைக்கும் முறை: குளிர்ந்த புதிய பால் ஏன் வேண்டும், எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும்

எஸ்பிரெசோ இயந்திரத்தின் நீராவிக் குழாயைப் பாலுக்குள் விடும்போது இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்க வேண்டும். முதலில் காற்று பாலுக்குள் புகுந்து குமிழ்களாக வேண்டும். பின்னர் அந்தக் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக உடைந்து, பால் முழுவதும் சீராகப் பரவ வேண்டும். இந்த இரண்டு வேலைகளுக்கும் நமக்குக் கிடைக்கும் நேரம், பால் குளிர்ந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 60 பாகை செல்சியஸை எட்டும் வரையிலான நேரம் மட்டுமே. அதைக் கடந்து சூடாக்கினால் பாலின் சுவை கெடத் தொடங்கும் என்பதால், நுரை சரியாக வரவில்லை என்று பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் நீராவியைத் திறந்து வைப்பது வழியாகாது. வீட்டில் சிறிய இயந்திரம் வாங்கிப் பழகத் தொடங்கியவர்களுக்காக, ஒரு கோப்பைக்குரிய 150 மில்லிலீற்றர் பாலை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். கீழே பாகை என்று வருவதெல்லாம் செல்சியஸ் பாகையே.

குளிர் நமக்குத் தருவது நேரம்

குளிர்ந்த பால்தான் நன்றாக நுரைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டு, குளிரில் பாலுக்கு ஏதோ தனிச்சக்தி வந்துவிடுகிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் நுரையைக் கட்டுபவை பாலிலுள்ள புரதங்கள். காற்றுக் குமிழொன்று உருவானவுடன் அவை அதன் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு மெல்லிய தோலாகப் படிகின்றன. அந்தத் தோல்தான் குமிழை உடையவிடாமல் தாங்குகிறது. இந்த வேலையைச் செய்வதற்குப் புரதத்துக்குக் குளிர் தேவையில்லை. குளிர் தேவைப்படுவது நமக்கு, நேரத்துக்காக.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண வீட்டு இயந்திரமொன்று 150 மில்லிலீற்றர் பாலை 5 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ முக்கால் நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் செக்கனுக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகச் சூடு ஏறுகிறது. காற்றை உள்ளே விடும் வேலை, பால் உடற்சூட்டை, அதாவது 37 பாகையளவை எட்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு புகும் குமிழ்களை உடைத்துச் சிறிதாக்கப் போதிய நேரம் இராது. அவை பெரிய கண்களாகவே மேலே நின்றுவிடும். 5 பாகையில் தொடங்கினால் அந்த எல்லையைத் தொட 25 செக்கன் அளவில் ஆகும். புதிதாகப் பழகுபவர் குழாய் முனையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவதற்கும், தவறினால் திருத்திக்கொள்வதற்கும் அது போதும். அதே பால் மேசையில் இருந்து 18 பாகைக்கு வந்திருந்தால் 15 செக்கன்தான் மிஞ்சும். கொழும்பின் அறைவெப்பநிலையில், ஏறத்தாழ 30 பாகையில், இருக்கும் பாலென்றால் ஆறேழு செக்கன். குழாய் முனை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குள்ளேயே அது தீர்ந்துபோகும்.

கோப்பிக்கடைகளில் உள்ள பெரிய இயந்திரங்கள் இதே அளவு பாலைப் பத்துப் பதினைந்து செக்கனில் சூடாக்கிவிடும். ஆகவே அங்கே பாலின் குளிர் இன்னும் இறுக்கமான தேவையாகிறது. வீட்டு இயந்திரத்தின் நீராவி மெலிதாக இருப்பது குறையென்று பலர் வருந்துகிறார்கள். பழகுபவருக்கு அந்த மெதுவான வேகம் உதவியே செய்கிறது.

இங்கே கொழுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பால் நன்கு குளிர்ந்திருக்கும்போது அதன் கொழுப்பில் பெரும்பகுதி உறைந்த நிலையில், சிறு உருண்டைகளாக, தன் உறைக்குள் அடங்கியிருக்கும். இளஞ்சூட்டில் பாதி உறைந்தும் பாதி உருகியும் இருக்கும் நிலையில்தான் அது நுரைக்கு அதிகத் தொல்லை தருகிறது. அப்போது அது குமிழின் தோலைத் துளைத்து உடைக்கிறது. குளிர்ந்த பாலில் தொடங்கினால் நீராவி இந்த இடைப்பட்ட பகுதியை விரைவாகக் கடந்துவிடும். பால் அறைச்சூட்டில் வெறுமனே நின்றுகொண்டிருந்தால் அந்தப் பகுதியிலேயேதான் அது நிற்கிறது.

ஆகவே பாலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்க வேண்டாம். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளியிலுள்ள சூடான காற்று முதலில் படுவது அங்கேதான். உள்ளே, பின்பக்கமாக, கீழ்த்தட்டில் வையுங்கள். ஜக்கையும் அதனருகே வைத்துவிட்டால் நல்லது. இயந்திரத்தின் மேற்தட்டு கோப்பைகளைச் சூடாக்குவதற்கென்று அமைக்கப்பட்டது. ஜக்கை அங்கே கவிழ்த்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், ஏனெனில் சூடான உலோகத்தில் ஊற்றிய கணமே பால் சில பாகைகள் சூடேறிவிடும், இழந்த குளிர் திரும்ப வராது.

இன்னொன்று, சிறிய இயந்திரங்களில் பெரும்பாலானவை ஒரே கொதிகலனைக் கொண்டவை. எஸ்பிரெசோவை இறக்கிய பின் நீராவி விசையை அழுத்தி, அது நீராவிச் சூட்டுக்கு ஏறும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பாலை ஜக்கில் ஊற்றி மேசையில் வைத்துவிடுவது எல்லோரும் செய்வது. ஆனால் கொழும்பின் ஈரக் காற்றில் குளிர்ந்த ஜக்கின் வெளிப்புறம் உடனே வியர்க்கும். அந்த ஈரம் படியும்போது அது விடும் வெப்பமும் பாலுக்குள்தான் போகிறது. ஐந்து நிமிடத்தில் பால் சில பாகைகள் ஏறிவிடும். நீராவி தயார் என்று விளக்கு காட்டிய பிறகே பாலை வெளியே எடுங்கள்.

புதிய பால் என்பது வேறு விடயம்

குளிர் நேரத்தைத் தருகிறது என்றால், புதுமை தருவது நுரையின் உறுதியை. பால் பழசாகப் பழசாக அதன் கொழுப்பின் ஒரு பகுதி உடைந்து, கொழுப்பமிலங்கள் தனியே பிரிகின்றன. அவையும் குமிழின் மேற்பரப்புக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையவை. புரதம் இருக்க வேண்டிய இடத்தை அவை பிடித்துக்கொள்கின்றன, ஆனால் புரதத்தைப் போல உறுதியான தோலாக அவற்றால் நிற்க முடியாது. எனவே குமிழ் உருவாகும், உடனேயே உடையும். பால் புளிக்கத் தொடங்கும் முன்பே, வாயில் வைத்தாலும் வேறுபாடு தெரியாத நிலையிலேயே, இது தொடங்கிவிடலாம். அதனால்தான் குடிப்பதற்கு நல்லதாக இருக்கும் பால் நுரைப்பதற்கு நல்லதாக இல்லாமற்போகிறது.

வெள்ளவத்தையில் உறவுக்கார அக்கா ஒருவரின் வீட்டில் இதைத் தெளிவாகக் காண முடிந்தது. நீராவி விடும்போது நுரை நன்றாகவே எழுந்தது. குழாயை எடுத்த பின் காதை அருகே கொண்டுபோனால் சன்னமாகச் சடசடவென்று குமிழ்கள் வெடிக்கும் ஓசை கேட்டது. அரை நிமிடத்துக்குள் மேற்பரப்பில் பெரிய பெரிய கண்கள் விழுந்து, நுரை பாதியாகச் சரிந்துபோயிற்று. அவர் முதலில் இயந்திரத்தையும், பிறகு தன் கையையும் குறை சொன்னார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பால் நன்றாகக் குளிர்ந்துதான் இருந்தது, குறித்த திகதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

“முந்தாநாள் கரண்ட் நிண்டதே, அதாலயோ?” என்று அவரே கேட்டார்.

அதேதான். மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் பால் சூடேறி, மின்சாரம் வந்தபின் மறுபடி குளிர்ந்திருக்கிறது. சூடேறுவதும் குளிர்வதும் மாறிமாறி நடக்கும்போது கொழுப்பு உருண்டைகளின் உறை சேதமாகி, உள்ளேயிருக்கும் கொழுப்பு உடைவதற்கு வழி திறந்துகொள்கிறது. திரும்பக் குளிரவைத்தால் வெப்பமானி சரியாகத்தான் காட்டும், பால் பழைய நிலைக்கு வராது. கீழே கடையில் புதுப் பைக்கற் ஒன்று வாங்கி, அதையும் நன்றாகக் குளிரவைத்து, அதே கையால், அதே இயந்திரத்தில் அவர் மறுநாள் நுரைத்தபோது நுரை அமைதியாக, சத்தமில்லாமல் நின்றது. ஆகவே சோதனை எளிது: நுரைத்த பாலை ஒரு நிமிடம் அசைக்காமல் வையுங்கள். சடசடப்பும் விரைவான சரிவும் இருந்தால் பாலை மாற்றுங்கள். சத்தமில்லாமல், ஆனால் பெரிய குமிழ்களோடு நுரை நிற்கிறதென்றால் தவறு கையில் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கடையிலிருந்து வீடு வருவதும் இதில் சேர்ந்ததே. மற்றச் சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கடைசியாகப் பாலை எடுப்பதும், வெயிலில் ஓட்டோவில் நெரிசலுக்குள் நிற்கும் அரைமணி நேரத்துக்கு ஒரு குளிர்ப்பையில் வைத்துக்கொள்வதும் சிறிய வேலைகள்தாம். பைக்கற்றைத் திறந்த பிறகு இரண்டு மூன்று நாட்களுக்குள் நுரைப்புக்குப் பயன்படுத்துங்கள். மிஞ்சுவது தேத்தண்ணிக்கு ஆகும்.

கொழும்பில் கிடைக்கும் பால்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்த்தட்டில் விற்கும் பாஸ்டரைஸ் செய்த பால் சுவையில் முதலிடம். திறக்காமல் வெளியிலேயே வைக்கக்கூடிய, மிகை வெப்பத்தில் பதப்படுத்திய அட்டைப்பெட்டிப் பாலும் நன்றாகவே நுரைக்கும். சிலவேளை பைக்கற் பாலை விட உறுதியான நுரை வரும். அதில் காய்ச்சிய மணம் ஏற்கெனவே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வெளியில் வைக்கலாம் என்பதற்காக அலுமாரியிலிருந்து நேரே எடுத்து நுரைக்க முடியாது. முதல்நாள் இரவே உள்ளே வைத்துக் குளிரவிட வேண்டும். பால்மாவைப் பயன்படுத்துவோர் கட்டியில்லாமல் கரைத்து, அதையும் இரவு முழுவதும் குளிரில் வைத்தால் ஓரளவு நுரை கிடைக்கும். கொழுப்பு நீக்கிய பாலில் நுரை அதிகமாகவும் விறைப்பாகவும் வரும், வாயில் செழுமை குறையும். பழகும் காலத்தில் முழுக்கொழுப்புப் பாலில் பழகுவதே என் பரிந்துரை, ஏனென்றால் குடிக்கப்போவது அதைத்தான்.

பால்காரர் கொண்டுவரும் கறந்த பால் தனிக்கவனத்துக்குரியது. பாலிலுள்ள கிருமிகளை அழிக்க 63 பாகையில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 செக்கனோ வைக்க வேண்டும். நீராவிக் குழாயில் பால் 60 பாகையைத் தொட்டவுடன் நிறுத்திவிடுகிறோம். ஆகவே நுரைத்தல் காய்ச்சுதலுக்கு ஈடாகாது. அந்தப் பாலைக் கட்டாயம் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்து, குளிரவைத்த பிறகே இதற்கு எடுக்கலாம். நுரையும் சுவையும் சற்று வேறாகத்தான் இருக்கும்.

செய்முறை

150 மில்லிலீற்றர் பாலுக்கு 350 மில்லிலீற்றர் கொள்ளும் எவர்சில்வர் ஜக் பொருத்தமானது. பால் ஜக்கின் பாதிக்குச் சற்றுக் கீழே, மூக்கு தொடங்கும் இடத்தை எட்டாமல் நிற்கும். இதைவிடக் குறைவாக ஊற்றினால் குழாய் முனையை மூழ்கடிக்க இடமிராது. கூடினால் நுரை பொங்கி வழியும்.

முதலில் ஜக் இல்லாமல், குழாயை ஈரத்துணியின் மேலோ வடிதட்டுக்கு மேலோ திருப்பி, நீராவியை இரண்டு மூன்று செக்கன் திறந்து விடுங்கள். குழாய்க்குள் தேங்கியிருக்கும் தண்ணீர் துப்பி வெளியேறும். தண்ணீர் நின்று வெண்ணிறமான உலர்ந்த நீராவி வந்தபின் மூடுங்கள். இதைத் தவிர்த்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் பாலில் சேரும். தவிர்க்காவிட்டாலும் ஓரளவு தண்ணீர் சேரத்தான் செய்யும், ஏனெனில் நீராவி பாலைச் சூடாக்குவதே தான் நீராக மாறும்போது விடும் வெப்பத்தால்தான். 150 கிராம் பாலை 5 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 15 கிராம் நீராவி அதில் கரைகிறது. சமையல் தராசு இருந்தால் ஜக்கை முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். 15 கிராம் அளவில் கூடியிருந்தால் எல்லாம் சரி. 25 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் குழாயிலிருந்து நீராவியோடு தண்ணீரும் வருகிறது. கொதிகலன் முழுச் சூட்டுக்கு வரும் முன்பே நீங்கள் தொடங்கிவிட்டீர்கள், அல்லது தண்ணீரை வெளியேற்றவில்லை. கோப்பி சப்பென்று இருக்கிறது என்று எஸ்பிரெசோவைக் குறை சொல்பவர்கள் இதை ஒருமுறையாவது நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இனிக் குளிர்ந்த பாலை எடுத்து, குழாய் முனையை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து ஒரு பக்கமாக விலக்கி வையுங்கள். நடுவில் வைத்தால் பால் குலுங்கும், சுழலாது. ஜக்கைச் சிறிது சாய்த்துப் பிடித்து, நீராவியை முழுவதுமாகத் திறவுங்கள். பயந்து பாதி திறப்பது பெரிய குமிழ்களையே தரும். இப்போது ஜக்கை மிக மெதுவாக, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே இறக்குங்கள். முனை மேற்பரப்பைத் தொடும் இடத்தில் தாள் கிழிவதுபோல விட்டுவிட்டு ஓர் ஓசை எழும். காற்று சரியான அளவில் உள்ளே போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கொடகொடவென்று சத்தம் வந்து பால் தெறித்தால் முனை வெளியே வந்துவிட்டது, ஜக்கைச் சற்று உயர்த்துங்கள். கூரிய கீச்சொலி மட்டும் வந்தால் முனை ஆழத்தில் இருக்கிறது, காற்றே போகவில்லை, சற்று இறக்குங்கள். கண்ணைவிடக் காதை நம்புவது இந்தக் கட்டத்தில் நல்லது.

பால் விரியும்போது மேற்பரப்பும் உயரும். அதற்கேற்ப ஜக்கை இறக்கிக்கொண்டே போக வேண்டும், இல்லையேல் முனை தானாகவே மூழ்கிவிடும். கப்புச்சினோவுக்குப் பாலின் அளவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடினால் போதும். லாத்தேக்கு அதில் பாதி. குளிர்ந்த பாலில் தொடங்கியவருக்கு இது உள்ளங்கையில் குளிர் முழுதாக நீங்கும் முன்பே கிடைத்துவிடும். கிடைத்தவுடன் காற்றை நிறுத்துங்கள். எப்படியும் ஜக்கின் பக்கத்தைத் தொட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் நிலை, அதாவது உடற்சூடு, வந்துவிட்டால் அதற்கு மேல் காற்று விடக்கூடாது.

காற்றை நிறுத்துவதென்றால் நீராவியை நிறுத்துவதல்ல. ஜக்கைச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தி முனையை மூழ்கவைத்தால் கிழிசல் ஓசை நின்று, பால் வேகமாகச் சுழலத் தொடங்கும். மேலே நிற்கும் பெரிய குமிழ்களைச் சுழல் உள்ளே இழுத்து உடைப்பதைப் பார்க்கலாம். சுழல் இல்லாவிட்டால் ஜக்கின் சாய்வையும் முனையின் இடத்தையும் சற்றே மாற்றி அதைத் தேடுங்கள். நுரை தனியாகவும் பால் தனியாகவும் பிரிந்து நிற்பது, அநேகமாக எப்போதும், இந்தக் கட்டத்தில் சுழல் இல்லாததன் விளைவே. சுழல் கிடைத்துவிட்டால் கையை அசைக்காமல் நிறுத்தும் சூடு வரும் வரை பிடித்துக்கொண்டிருங்கள்.

எங்கே நிறுத்துவது

குடிக்கும் பால் 60 முதல் 65 பாகைக்குள் இருக்க வேண்டும். நீராவியை மூடிய பிறகும் இரண்டு மூன்று பாகை ஏறும் என்பதால், 58 முதல் 60 பாகைக்குள் மூடிவிடுவது சரியான பழக்கம். முள் வைத்த வெப்பமானிகள் உண்மையான சூட்டுக்குச் சற்றுப் பின்தங்கியே காட்டும். அப்படிப்பட்டதை வைத்திருப்பவர் முள் 55 பாகையைத் தொடும்போதே மூடிவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று கவனித்தால் தன் வெப்பமானியின் தாமதம் எவ்வளவென்று தெரிந்துவிடும்.

வெப்பமானி இல்லாதவர்கள் உள்ளங்கையை ஜக்கின் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். 50 பாகையைத் தாண்டி 55 பாகையை நெருங்கும்போது கையை வைத்திருக்க முடியாமற்போகும். கையை எடுத்தபின் மேலும் மூன்று நான்கு செக்கன் விட்டு மூடினால் 60 பாகையை ஒட்டி வரும். ஆனால் எல்லோருடைய கையும் ஒன்றல்ல; நாள்தோறும் அடுப்படியில் நிற்பவரின் கை 60 பாகையையும் பொறுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் சில நாட்கள் வெப்பமானியையும் கையையும் சேர்த்தே பயன்படுத்தி, உங்கள் கை எந்தப் பாகையில் விலகுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். ஓசையும் துணைக்கு வரும்: பால் சூடேற ஏற நீராவியின் குரல் தாழ்ந்து, இறுதியில் ஆழ்ந்த உறுமலாகும். அந்த உறுமல் கேட்ட பிறகு நிறுத்தினால் பெரும்பாலும் தாமதமாகிவிட்டது.

அந்த எல்லைக்குக் காரணம் புரதமும் சுவையும். 70 பாகையைக் கடக்கும்போது பாலின் மோர்ப்புரதங்கள், முக்கியமாக பீற்றா-லக்ரோகுளோபியுலின், தம் மடிப்பு அவிழ்ந்து நிலைமாறுகின்றன. அப்போது அவற்றுக்குள் மறைந்திருந்த கந்தகப் பகுதிகள் வெளிப்பட்டு, காய்ச்சிய பாலின் மணம் எழுகிறது. நுரையும் தடித்து, உலர்ந்து, பாலோடு ஒட்டாமல் மேலே கட்டியாக நிற்கும். காய்ச்சிய பாலின் மணம் நம் வீடுகளில் யாருக்கும் வெறுப்பானதல்ல; நன்றாகக் கொதித்த பாலில் போட்ட கோப்பிக்கு அதுவே அழகு. ஆனால் எஸ்பிரெசோவின் மேல் அது வந்து அமர்ந்தால் கொட்டையின் மணம் முழுவதும் அமுங்கிப்போகிறது. கீழ் எல்லையைப் பற்றிக் கவலை குறைவு. 55 பாகைப் பால் குடிக்க நன்றாகவே இருக்கும், சிறு பிள்ளைகளுக்கு அதுவே ஏற்றது.

இந்தச் சூட்டில் பால் இனிப்பாகத் தோன்றுவதற்கு, அதிலுள்ள பாற்சர்க்கரை உடைந்து வேறு சர்க்கரையாக மாறுவதே காரணம் என்று ஒரு விளக்கம் உலாவுகிறது. அரை நிமிடச் சூட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. குளிர்ந்த நிலையை விட இளஞ்சூட்டில் நாக்கு இனிப்பைக் கூடுதலாக உணர்கிறது. காய்ச்சிய மணம் அதை மறைக்காமலும் இருக்கிறது. சர்க்கரை போடும் பழக்கமுள்ளவர்கள் இந்தச் சூட்டில் நிறுத்திய பாலை முதலில் ஒரு மிடறு குடித்துப் பார்த்த பிறகு கரண்டியை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

“ஆறிப்போச்சே” என்பவர்களுக்கு

கொழும்பில் யாருக்குக் கோப்பி கொடுத்தாலும் வரக்கூடிய முறைப்பாடு, சூடு போதாது என்பதே. கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகிய பெரியவர்களுக்கு 60 பாகை ஆறிய கோப்பியாகத்தான் தெரியும். அவர்களுக்காகப் பாலை 75 பாகைக்குக் கொண்டுபோவதற்கு முன், கோப்பையைக் கவனியுங்கள். 250 கிராம் எடையுள்ள பீங்கான் கோப்பை அலுமாரியில் 30 பாகையில் இருக்கிறது என்று கொள்வோம். அதில் 60 பாகையில் உள்ள பாலும் எஸ்பிரெசோவும் சேர்ந்து 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றினால், கோப்பை தன்னைச் சூடாக்கிக்கொள்வதற்கே ஏறத்தாழ ஆறு பாகையை எடுத்துக்கொள்ளும். கையில் கொடுக்கும் முன்பே கோப்பி 54 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அதே கோப்பையில் ஒரு நிமிடம் கொதிநீரை ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டால் அந்த இழப்பு ஏறத்தாழ இல்லாமற்போகும். பாலை 60இலிருந்து 65 பாகைக்கு ஏற்றுவதால் கிடைப்பதை விட இது அதிகம், பாலின் சுவையும் கெடுவதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால், 65 பாகைப் பாலும் சூடான கோப்பையும், பெரும்பாலான பெரியவர்களுக்குப் போதுமானதாக இருக்கும். அதற்கும் மேலே வேண்டுமென்பவருக்கு 68 பாகையில் நிறுத்திக் கொடுங்கள். நுரை சற்றுத் தடிக்கும், மணம் இன்னும் கெட்டிராது.

மூடிய பிறகு

முனை பாலுக்குள் இருக்கும்போதே நீராவியை மூட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நீராவியை வெளியே இழுத்தால் அவ்வளவு நேரம் சேர்த்த நுரையின் மேல் பெரிய குமிழ்கள் தெறித்துவிழும். மூடியதும் ஜக்கை மேசையில் இரண்டு முறை தட்டி, பின்னர் வட்டமாகச் சுழற்றுங்கள். மேற்பரப்பு குமிழே தெரியாமல் பளபளத்து, விளக்கின் ஒளியை அப்படியே திருப்பிக் காட்டினால் பால் தயார். உடனே ஊற்ற வேண்டும். அரை நிமிடம் நின்றாலே நுரை மேலே ஏறத் தொடங்கிவிடும், அதுவரை சுழற்றிக்கொண்டாவது இருங்கள்.

குழாயை அந்த நிமிடமே ஈரத்துணியால் துடைத்து, மீண்டும் ஒருமுறை நீராவியைத் திறந்துவிடுங்கள். சூடான குழாயில் பால் காய்ந்து ஒட்டினால் பின்னர் சுரண்டியே எடுக்க வேண்டிவரும். முனைக்குள் போன பால் அங்கேயே நின்று, மறுநாள் கோப்பிக்குள் வரும்.

ஜக்கில் மிஞ்சிய பாலைத் திரும்பக் குளிரவைத்து மறுபடி நுரைக்க முடியாது. அதன் புரதம் ஒருமுறை சூட்டைக் கண்டுவிட்டது, ஏற்கெனவே பத்திலொரு பங்கு தண்ணீரும் அதில் சேர்ந்திருக்கிறது. இரண்டாம் முறையில் மேலும் தண்ணீர் சேரும், நுரையோ பாதிதான் எழும். கோப்பைக்கு வேண்டிய அளவைத் தராசிலோ அளவுக் குவளையிலோ முன்கூட்டியே அளந்து ஊற்றினால் மிச்சம் என்று எதுவும் இராது. இரண்டு கோப்பை வேண்டுமென்றால் 600 மில்லிலீற்றர் ஜக்கில் 300 மில்லிலீற்றர் எடுத்துச் சேர்த்தே நுரைக்கலாம். நேரம் இரண்டு மடங்காகும், நிறுத்தும் சூடு மாறாது.